குணமும் உருபும்: ஆங்கில மின்னஞ்சலில் பெயரடையைத் தொடரும் சிறு சொல்

ஆங்கிலத்தில் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் ஒருவர், அந்தப் பாஷையில் தமக்கு நல்ல பயிற்சி உண்டு என்பதைத் தெரிவிக்க விரும்பி, ‘ஐ ஆம் குட் இன் இங்கிலீஷ்’ என்று தம் மின்னஞ்சலில் எழுதுவாரானால், எந்தத் தகுதி தமக்கு இருப்பதாக அவர் சொல்கிறாரோ அந்தத் தகுதியைப் பற்றியே படிப்பவர் மனத்தில் ஓர் ஐயம் எழுந்துவிடுகிறது. ஆசிரியர் ஒருவர் அருகிலிருந்தால், ‘இன்’ என்பதை அடித்துவிட்டு ‘அட்’ என்று திருத்துவார். ஏன் என்று கேட்டால் அது வழக்கு என்ற விடை கிடைக்கும். வழக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்த வழக்குக்குள் ஒரு நியாயம் இருக்கிறது என்பதும், தமிழர் செய்யும் பிழைகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதும், அந்த ஒழுங்கு நம் வேற்றுமை இலக்கணத்தைக் கற்றவர்க்கு எளிதில் புலப்படக்கூடியது என்பதும் என் அபிப்பிராயம். அந்த ஒழுங்கைக் காணாமல் நூற்றுக்கணக்கான சொற்றொடர்களை நெட்டுருப் போடுகிறவர், நெட்டுருவில் இல்லாத ஒரு சொல் வந்தவுடனே பழைய பிழைக்கே திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம்.

‘கணக்கில் வல்லவன்’ என்ற தமிழ்த் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் ‘கணக்கு’ உருபை ஏற்கும் சொல். ‘இல்’ ஏழாம் வேற்றுமை உருபு. ‘வல்லவன்’ முடிக்கும் சொல். எந்த உருபு வரவேண்டும் என்பதை நிர்ணயிப்பது முடிக்கும் சொல்லே என்று நம் இலக்கணம் போதிக்கிறது. ஆங்கிலத்திலும் சட்டம் இதுவே: ‘குட்’ என்ற பெயரடைதான் தனக்குப் பின் வரும் முன்னிடைச்சொல்லை நிர்ணயிக்கிறது. வேறுபாடு வரிசையில் இருக்கிறது. தமிழில் பெயரும் உருபும் முதலில் வந்து, குணத்தைச் சொல்லும் சொல் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் குணம் முதலில் வந்து, சிறு சொல் இடையில் நின்று, பெயர் கடைசியில் வருகிறது. எனவே தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவரின் மனத்தில், பெயரும் உருபும் பிரிக்க முடியாத ஒரே கட்டாக ‘கணக்கில்’, ‘ஆங்கிலத்தில்’ என்று முன்னரே உருவாகி நிற்கின்றன. அந்தக் கட்டு முழுவதையும் அப்படியே பெயர்த்து ‘குட்’ என்பதற்குப் பின்னால் வைத்துவிடுகிறார். தமிழில் வல்லவனை நோக்கி நின்ற உருபு, ஆங்கிலத்தில் பெயரடையின் ஆணையைக் கேளாமலே வந்து சேர்ந்துவிடுகிறது.

ஏழாம் வேற்றுமையில் இந்தச் சிக்கல் மிகுதியாக இருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழாம் வேற்றுமைக்கு இருபத்தெட்டு உருபுகளைக் கூறுகிறார். கண், கால், கடை, இடை, மேல், கீழ், உள், புறம் என்று ஓடும் அந்த வரிசையின் இறுதியில் நிற்பது ‘இல்’. இன்றைய உரைநடையிலோ அந்தக் கடைசி உருபே ஏறக்குறைய எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. வீட்டில், திங்கட்கிழமையில், சுவரில், பத்து மணியளவில், கணக்கில் என்று இடமும் காலமும் விஷயமும் ஒரே உருபால் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலம் இவற்றை ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று குறைந்தது மூன்றாகப் பிரித்துவிடுகிறது. அம்மூன்றில் ‘இன்’ என்பதே பள்ளியில் முதன்முதலாக ‘இல்’ என்பதற்கு நேராகக் கற்பிக்கப்படுவதால், ஐயம் வந்தபோதெல்லாம் கை தானாக அதனிடம் போகிறது.

‘அட்’ ஏன்? அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒரு குறியை நோக்கிச் செல்லும் செயலோடு பெரிதும் பழகியது. ஒன்றை நோக்கிப் பார்ப்பதற்கும், ஒன்றைக் குறிவைப்பதற்கும், ஒருவர்மீது கல்லெறிவதற்கும், ஒரு வேலையில் விடாது முயல்வதற்கும் அந்த மொழி ‘அட்’ என்பதையே பயன்படுத்துகிறது. திறமை என்பது ஒரு காரியத்தின்மேல் செலுத்தப்படும் முயற்சியின் விளைவு என்று கொண்டால், குட், பேட், க்விக், ஸ்லோ, கிளெவர், ஹோப்லெஸ் முதலிய, செய்திறனை மதிப்பிடும் பெயரடைகள் ‘அட்’ என்பதோடு ஒரு குடும்பமாகச் சேர்வது இயல்பாகவே தோன்றும். இதனாலேயே ‘அட்’ என்பதற்குப் பின் வினையைச் சொல்ல நேர்ந்தால் அது ‘இங்’ ஈற்றோடு, ஒரு செயலின் பெயராக வருகிறது: ‘குட் அட் ரைட்டிங்’, ‘ஸ்லோ அட் ரிப்ளையிங்’.

ஆனால் இங்கே மாணவரைக் குற்றம் சாட்டுமுன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ‘குட்’ என்பதன் பொருளுக்கு மிக அருகில் நிற்கும் வேறு பெயரடைகள் ‘இன்’ என்பதையே வேண்டுகின்றன. ஒருவர் ‘ஃப்ளூயன்ட் இன் இங்கிலீஷ்’ ஆகவும், ‘ப்ரொஃபிஷியன்ட் இன் இங்கிலீஷ்’ ஆகவும், ‘வெர்ஸ்ட் இன் லா’ ஆகவும் இருக்கலாம். இவை ஒரு துறையைப் பரந்ததொரு பிரதேசமாகவும், கற்றவரை அதனுள்ளே உலவுகிறவராகவும் காட்டுகின்றன. மதிப்பெண் பட்டியலிலும் ‘மார்க்ஸ் இன் இங்கிலீஷ்’ என்றே படித்து வளர்ந்தோம். அங்கே ‘இன்’ மதிப்பெண்ணைச் சார்ந்ததேயன்றிக் குணத்தைச் சார்ந்ததன்று. ஆகவே ‘குட் இன் இங்கிலீஷ்’ என்ற பிழைக்குத் தமிழ் மட்டும் பொறுப்பன்று. ஆங்கிலத்தின் பக்கத்து வீட்டுச் சொற்களும் கூட நின்று தூண்டுகின்றன. மைக்கேல் ஸ்வான் 1980இல் வெளியிட்ட, பல தேசங்களின் ஆசிரியர்களும் கையாளும் பிரயோக நூலில் ‘குட் அட்’ என்பதற்கு அருகே ‘இன் அன்று’ என்று தனியே எச்சரித்திருப்பதைப் பார்த்தால், இது தமிழரோடு நின்றுவிட்ட வழக்கமன்று என்பதும் விளங்கும்.

‘குட்’ என்பதோடு ‘அட்’ ஒன்றுதான் சேரும் என்று விதித்துவிடுவதும் தவறாகும். ‘குட் வித் சில்ட்ரன்’ என்றால் குழந்தைகளோடு பழகத் தெரிந்தவர். ‘குட் வித் ஃபிகர்ஸ்’ என்றால் எண்களைக் கையாளத் தெரிந்தவர். ‘குட் டு மி’ என்றால் எனக்கு அன்பு செய்தவர். ‘குட் ஃபார் த்ரீ மந்த்ஸ்’ என்றால் மூன்று மாதம் செல்லுபடியாவது. ‘குட் இன் எ க்ரைஸிஸ்’ என்பதும் தவறற்ற ஆங்கிலமே. நெருக்கடி வேளையில் நிலைகுலையாதவர் என்பது அதன் அர்த்தம். அங்கே ‘இன்’ திறமையின் விஷயத்தைச் சொல்லவில்லை, சந்தர்ப்பத்தைச் சொல்கிறது. ஆதலால் ஒரு பெயரடைக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், இந்தக் குணத்துக்கும் இந்தப் பொருளுக்கும் இடையே நான் சொல்ல வந்த சம்பந்தம் எது என்று கேட்டுக்கொள்வதே நேர்வழியாகும்.

நம் இலக்கண ஆசிரியர்களுக்கு இந்த விசாரணை புதியதன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. எந்தப் பொருளில் எந்த உருபுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரலாம், வந்தால் அர்த்தம் மாறுமா மாறாதா என்பதே அதன் விஷயம். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் பொருளில் குறையாமல் வரும் என்று அங்கே ஒரு விதி உண்டு. ‘பழியின் அஞ்சும்’ என்றாலும் ‘பழியை அஞ்சும்’ என்றாலும் ஒன்றே. ஆங்கிலத்தின் ‘அஃப்ரெய்ட்’ இத்தகைய சலுகையைத் தருவதில்லை. ‘அஃப்ரெய்ட் ஆஃப் தி டாக்’ என்றால் நாயைக் கண்டு அஞ்சுதல். ‘அஃப்ரெய்ட் ஃபார் தி டாக்’ என்றால் நாய்க்கு என்ன நேருமோ என்று அதன் பொருட்டு அஞ்சுதல். ‘நாய்க்குப் பயப்படுகிறேன்’ என்று நான்காம் வேற்றுமையில் நினைத்து ‘ஃபார்’ எழுதுகிறவர், தம்மை அறியாமல் நாயின் நலத்தில் அக்கறை கொண்டவராகிவிடுகிறார். உருபு மயங்கினால் பொருள் மயங்குமிடமும் உண்டு, மயங்காத இடமும் உண்டு என்ற தொல்காப்பியரின் பாகுபாடே, ஆங்கில மின்னஞ்சலைத் திருத்துகிறவருக்கும் வேண்டிய முதல் பாகுபாடு.

இதை ஒரு கடிதத்தில் வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் சரக்குக் கணக்குப் பார்த்த ஒருவர், வெளிநாட்டாருடன் நேரே கடிதத் தொடர்பு கொள்ளவேண்டிய வேறொரு பதவிக்கு மனுச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மின்னஞ்சலில் ஆறு வாக்கியங்கள். முதலாவது, ‘ஐ ஆம் குட் இன் இங்கிலீஷ் அண்ட் அக்கவுண்ட்ஸ்’. இரண்டாவது, ‘ஐ வாஸ் ரெஸ்பான்ஸிபிள் டு த்ரீ கோடவுன்ஸ்’. மூன்றாவது, ‘ஐ ஆம் ஃபெமிலியர் டு எக்ஸெல்’. நான்காவது, ‘ஐ ஆம் கமிட்டட் டு லேர்ன் நியூ மெதட்ஸ்’. ஐந்தாவது, ‘தி டிபார்ட்மெண்ட் ஐ ஆம் மோஸ்ட் இன்டரஸ்டட் இஸ் எக்ஸ்போர்ட்’. ஆறாவது, ‘மை சர்ட்டிஃபிகேட்ஸ் ஆர் அட்டாச்ட் வித் திஸ் மெயில்’. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. எழுத்துப் பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும் கருவியை ஓட்டினால், இந்த ஆறு வாக்கியங்களும் பழுதற்றவை என்றே சொல்லும். ஏனெனில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சரியான சொல்; பழுது இருப்பது சொற்களின் உறவில்.

முதல் வாக்கியத்தில் ‘இன்’ என்பதை ‘அட்’ ஆக்கிவிட்டால் இலக்கணம் நேராகிவிடும். ஆயினும் திருத்தம் அதோடு நிற்கலாகாது. ‘குட் அட் இங்கிலீஷ்’ என்பது பள்ளி மாணவனைப் பற்றி அவன் ஆசிரியர் சொல்லும் தொனியுடையது. வேலைக்கு மனுச் செய்பவர் தம் மொழிப் பயிற்சியைக் கூறும்போது ‘ஃப்ளூயன்ட் இன் இங்கிலீஷ்’ என்றும், கணக்கைக் கூறும்போது ‘குட் வித் ஃபிகர்ஸ்’ என்றோ ‘எக்ஸ்பீரியன்ஸ்ட் இன் அக்கவுண்ட்ஸ்’ என்றோ எழுதுவதே வழக்கு. விசித்திரம் என்னவென்றால், அவர் விரும்பிய ‘இன்’ அவரிடமே தங்கிவிடுகிறது, மாறவேண்டியது பெயரடைதான். முன்னிடைச்சொல்லைத் திருத்துவதற்குச் சில வேளைகளில் பெயரடையை மாற்றுவதே சிறந்த வழி என்பதை ஆசிரியர்கள் அதிகம் சொல்வதில்லை.

இரண்டாம் வாக்கியமும் மூன்றாம் வாக்கியமும் நான்காம் வேற்றுமையின் வேலை. இவற்றை நான் முதல் வாக்கியத்தைவிடப் பாரதூரமானவையாகக் கருதுகிறேன். ‘மூன்று கிடங்குகளுக்குப் பொறுப்பு’ என்பதிலுள்ள ‘கு’ உருபை ‘டு’ என்று பெயர்த்திருக்கிறார். ஆனால் ‘ரெஸ்பான்ஸிபிள்’ என்ற பெயரடைக்கு இரு பக்கம் உண்டு: எதைக் காத்து நடத்துகிறோமோ அதற்கு ‘ஃபார்’, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமோ அவருக்கு ‘டு’. ‘ரெஸ்பான்ஸிபிள் ஃபார் த்ரீ கோடவுன்ஸ், அண்ட் டு தி மேனேஜர்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைக்கலாம். அவர் எழுதியபடி படித்தாலோ, மூன்று கிடங்குகள் மேலதிகாரிகளாக அமர்ந்திருக்க, இவர் அவற்றுக்கு விடை கூறி நின்றதாக அர்த்தமாகிறது. கிடங்கு என்பதால் படிப்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். கிடங்கின் இடத்தில் ஒரு மனிதர் வந்தால், உதாரணமாக ‘ரெஸ்பான்ஸிபிள் டு டூ சூப்பர்வைஸர்ஸ்’ என்று எழுதிவிட்டால், இரண்டு மேற்பார்வையாளர்களை நடத்தியவர் இரண்டு மேற்பார்வையாளர்களின் கீழ் வேலை செய்தவராக மாறிவிடுகிறார். வாக்கியம் இலக்கணப்படி குற்றமற்றது. ஆகவே படிப்பவருக்கு ஐயமே தோன்றாது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் பொருளைத் தலைகீழாக்கும் பிழையே அஞ்சத்தக்கது.

‘ஃபெமிலியர்’ என்பதும் இவ்வாறே இரு திசைகளை உடையது. தெரிந்துகொண்டவர் எழுவாயானால் ‘வித்’. தெரிந்த பொருள் எழுவாயானால் ‘டு’. ‘ஐ ஆம் ஃபெமிலியர் வித் எக்ஸெல்’ என்றும், ‘எக்ஸெல் இஸ் ஃபெமிலியர் டு மி’ என்றும் சொல்லலாம். தமிழில் ‘அது எனக்குப் பழக்கம்’ என்று நாம் சொல்லும்போது, அறிபவர் நான்காம் வேற்றுமை ஏற்று ஓரமாக நிற்க, அறியப்படும் பொருளே எழுவாயாகிறது. எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிக்கும் என்று அறிவையும் உணர்வையும் கூறும் தொடர்கள் பலவற்றில் நம் பாஷை இந்த அமைப்பையே போற்றுகிறது. மனுதாரர் ஆங்கிலத்தின் ‘ஐ’ என்பதை எழுவாயாக முன்னே வைத்துவிட்டு, தமிழின் நான்காம் வேற்றுமையைப் பின்னே விட்டுவிட்டார். விளைவாக, எக்ஸெல் என்ற கணக்குக் கருவி அவரை நன்றாக அறியும் என்ற பொருள் வந்துவிட்டது. இதைத் தமக்குத் தாமே சோதிக்க எளிய வழியொன்று உண்டு: ‘டு’ என்று எழுதியவுடன், அதற்குப் பின்னால் இருப்பது அறியும் ஆற்றலுள்ள ஓர் ஆளா என்று பார்த்தால் போதும். ஆளானால் ‘டு’ பெரும்பாலும் பொருந்தும், பொருளானால் பொருந்தாது. ‘நோன்’, ‘க்ளியர்’, ‘அக்செப்டபிள்’ முதலிய பெயரடைகளிடத்தும் இச்சோதனை உதவும்.

நான்காம் வாக்கியத்தில் ‘டு’ சரியாகவே வந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த வினைதான் சரியில்லை. ஆங்கிலத்தில் ‘டு’ இரு வேடம் பூணும் சொல். ‘ஏபிள் டு லேர்ன்’ என்பதில் அது வினையின் முன் நிற்கும் வெறும் அடையாளம். ‘கமிட்டட் டு’ என்பதில் அது உண்மையான முன்னிடைச்சொல். எது எது என்று அறிய, அவ்விடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார்க்கவேண்டும். ‘கமிட்டட் டு க்வாலிட்டி’ என்று சொல்லலாம். ‘ஏபிள் டு க்வாலிட்டி’ என்று சொல்ல முடியாது. பெயர் பொருந்துமிடத்தில் வினையும் பெயர்த்தன்மை பெற்று வருவதே நெறி. ஆகவே ‘கமிட்டட் டு லேர்னிங்’. ‘அக்கஸ்டம்ட் டு’, ‘யூஸ்ட் டு’, ‘டெடிக்கேட்டட் டு’ என்பனவும் இதே வகுப்பு. ‘இன்டரஸ்டட்’ மட்டும் இரு வழியும் செல்லும், ஆனால் அர்த்த பேதத்தோடு: ‘இன்டரஸ்டட் இன் லேர்னிங்’ என்றால் கற்பதில் நாட்டம், ‘இன்டரஸ்டட் டு ஹியர்’ என்றால் கேட்டவுடன் எழுந்த ஆவல். பதவி விண்ணப்பத்துக்கு உரியது முன்னதே.

ஐந்தாம் வாக்கியத்தில் நேர்ந்தது வேறுவகைக் கோளாறு. இதில் உருபு மாறவில்லை, மறைந்துவிட்டது. ‘இன்டரஸ்டட்’ என்பதற்குப் பின் ‘இன்’ வரவேண்டுமென்பது இந்த மனுதாரருக்கு நன்றாகத் தெரியும். ‘ஐ ஆம் இன்டரஸ்டட் இன் எக்ஸ்போர்ட்’ என்று நேரே எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதியிருப்பார். ஆனால் ‘எனக்கு நாட்டமுள்ள துறை’ என்று தமிழில் பெயரெச்சமாக நினைக்கும்போது, ‘துறையில் நாட்டம்’ என்பதிலிருந்த ‘இல்’ முற்றிலும் மறைந்துபோகிறது. நம் பெயரெச்சம் வேற்றுமை உருபைத் தன்னுள் விழுங்கிக்கொள்ளும் இயல்புடையது: ‘நான் வேலை செய்த அலுவலகம்’ என்றால் போதும், ‘அலுவலகத்தில்’ என்ற உருபு எங்கும் தெரிய வேண்டியதில்லை, கேட்பவர் அதனைத் தாமே வருவித்துக்கொள்கிறார். ஆங்கிலமோ அந்தச் சிறு சொல்லைக் கைவிட அனுமதிப்பதில்லை. பெயர் முன்னே ஓடிவிட்டாலும் முன்னிடைச்சொல் தன் பழைய இடத்திலேயே, பெயரடையை ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும்: ‘தி டிபார்ட்மெண்ட் ஐ ஆம் மோஸ்ட் இன்டரஸ்டட் இன்’. வாக்கியத்தின் நடுவிலோ இறுதியிலோ இப்படி ஒரு சொல் ஆதரவின்றித் தொங்குவது தமிழ்க் காதுக்கு ஒவ்வாது. ஆகையால் அதை நீக்கிவிடுவதே அழகு என்று எழுதுகிறவருக்குத் தோன்றுகிறது. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்று ஆங்கிலப் பள்ளிகளில் நிலவிய பழைய கட்டுப்பாடு வேறு இந்த நினைப்புக்கு உரம் சேர்க்கிறது. கேள்விகளிலும் இதே விபத்து உண்டு: ‘வாட் ஆர் யூ குட் அட்?’ என்பதில் கடைசிச் சொல்லை விட்டால் கேள்வியே சிதைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் ஆங்கிலம் எழுதித் தேர்ந்தவர்களின் மின்னஞ்சலில்கூட, மற்றப் பிழைகளெல்லாம் அகன்றபின் எஞ்சி நிற்பது இந்தப் பிழையே என்று நான் கருதுகிறேன். வாக்கியத்தைப் பிரித்து, பெயரைப் பழைய இடத்தில் வைத்து, நேர் வாக்கியமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாலன்றி இது கண்ணில் படுவதில்லை.

ஆறாம் வாக்கியத்துக்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. ‘இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது’ என்ற நம் அலுவலகத் தொடரின் ‘உடன்’ உருபே ‘வித்’ ஆகியிருக்கிறது. ‘அட்டாச்ட்’ என்பது ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருப்பதைக் கூறுவதால் ‘டு’ கேட்கும்: ‘அட்டாச்ட் டு திஸ் மெயில்’. இது பொருளைக் கெடுக்கும் பிழையன்று. ‘என் மேல் கோபம்’ என்று நினைத்து ‘ஆங்ரி ஆன் மி’ என்று எழுதுவதும் இத்தன்மையதே. ஆளிடம் கொண்ட கோபத்துக்கு ‘வித்’, நிகழ்ச்சியால் வந்த கோபத்துக்கு ‘அட்’ அல்லது ‘அபவுட்’ என்று அறிந்துகொண்டால் தீர்ந்தது.

இத்தகைய சொற்சேர்க்கைகளை நாம் கற்றுவந்த விதத்தையும் இங்கே சொல்லவேண்டும். நம் நாட்டுப் பள்ளிகளில் 1930களிலிருந்து வழங்கிவரும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலில், ‘டு’ வேண்டும் பெயரடைகள் ஒரு தொகுதி, ‘இன்’ வேண்டுபவை ஒரு தொகுதி, ‘வித்’ வேண்டுபவை ஒரு தொகுதி என்று நீண்ட பட்டியல்கள் உண்டு. பரீட்சைக்கு அவை பயன்பட்டன. ஆனால் பட்டியலில் பொருள் இல்லை. ‘ஃபெமிலியர்’ இரு இடங்களிலும் வரக்கூடியது என்பதன் காரணம் பட்டியலால் விளங்காது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆல்பர்ட் ஹார்ன்பி, தம் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்டு, பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக உலகெங்கும் பரவிய அகராதி, அந்நிய பாஷையாக ஆங்கிலம் கற்பவர்க்கு வேண்டியது சொல்லின் அர்த்தம் மட்டுமன்று, அது எந்தச் சொற்களோடு எவ்வாறு சேரும் என்பதும்தான் என்பதை அடிப்படையாகக் கொண்டது. 1998இல் பர்மிங்ஹாம் கோபில்ட் குழுவினர் வெளியிட்ட நூலோ, அசல் ஆங்கில நூல்களிலிருந்தும் பேச்சிலிருந்தும் திரட்டிய பெருந்தொகுப்பை ஆராய்ந்து, ஒவ்வொரு முன்னிடைச்சொல்லின் கீழும் பெயரடைகளைப் பொருளடிப்படையில் சிறு குழுக்களாகப் பிரித்துக் காட்டியது. ஒரே முன்னிடைச்சொல்லை ஏற்கும் பெயரடைகள் பொருளாலும் உறவினர்களாகவே இருக்கின்றன என்பது அந்த முறையால் தெளிவாயிற்று. பழைய பட்டியல் மறைத்து வைத்திருந்த நியாயம் இதுவே.

இன்றைக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர் ஐயம் வந்தபோது செய்யத்தக்கது, கற்பவர்க்கென அமைந்த ஒரு நல்ல அகராதியில் முன்னிடைச்சொல்லைத் தேடாமல் பெயரடையைத் தேடி, அதன் பொருள்களில் தமக்கு வேண்டியது எத்தனையாவது பொருள் என்று முதலில் கண்டுகொண்டு, அந்தப் பொருளுக்கு நேராகத் தடித்த எழுத்தில் தந்துள்ள சொல்லை எடுத்துக்கொள்வதாகும். ‘கன்சர்ன்ட்’ என்ற சொல்லைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும்: ஒரு பொருளில் ‘அபவுட்’ வந்து கவலையைக் குறிக்கும்; மற்றொரு பொருளில் ‘வித்’ வந்து, இந்த அறிக்கை இன்ன விஷயத்தைப் பற்றியது என்று மட்டும் குறிக்கும். தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரிவிக்க விரும்பியவர் ‘வித்’ என்று எழுதினால், அவருடைய கவலை படிப்பவரை எட்டாமலே போய்விடக்கூடும். தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் தொடரை இட்டு எண்ணிக்கையைப் பார்ப்பதும் பலர் கையாளும் முறை. அதில் ஒரு குறை உண்டு. ‘குட் இன் இங்கிலீஷ்’ என்று தேடினால் வரும் பக்கங்கள் பலவற்றில், இந்தக் கவிதை ஆங்கிலத்தில் நன்றாக ஒலிக்கிறது என்பது போன்ற, வேறு பொருளுடைய சரியான வாக்கியங்களும் கலந்திருக்கும். எண்ணிக்கையை நம்பாமல் சில வாக்கியங்களையேனும் முழுமையாகப் படித்துப் பார்த்தாலே அந்தத் தேடல் பயன் தரும்.

தேசபேதமும் சிறிது உண்டு. ‘டிஃபரெண்ட்’ என்பதற்குப் பின் இங்கிலாந்தில் ‘ஃப்ரம்’ என்பதோடு ‘டு’வும், அமெரிக்காவில் ‘ஃப்ரம்’ என்பதோடு ‘தேன்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லும் வழங்குகின்றன. ‘டு’ கூடாது என்பது மூடநம்பிக்கை என்று ஃபௌலர் 1926இலேயே எழுதிவிட்டார். ஆயினும் எந்தத் தேசத்தார் படிப்பார் என்று தெரியாத கடிதத்தில் ‘ஃப்ரம்’ எழுதுவது எங்கும் ஆட்சேபத்துக்கு இடமில்லாதது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுபீரியர்’ என்பவற்றில் இந்த விருப்பத்துக்கு இடமே கிடையாது. லத்தீனிலிருந்து ஒப்பீட்டுப் பொருளோடு வந்த இச்சொற்கள், ‘என்னைவிட மூத்தவர்’ என்ற நம் தொடர் எவ்வளவுதான் ஒப்பீட்டுச் சொல்லை நோக்கி இழுத்தாலும், ‘டு’ ஒன்றையே ஏற்கும்.

நேரம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் திருத்துவது என்ற கேள்விக்கு என் விடை, பொருளைக் கெடுக்காத பிழைகளைப் பின்னுக்கு வைத்து, மனிதரைப் பற்றிய மதிப்பீட்டை மாற்றிவிடும் பிழைகளை முதலில் தேடவேண்டும் என்பது. கூட்டாளி அனுப்பிய மாதிரித் துணி சரியில்லை என்று பதில் எழுதுகிற ஏற்றுமதியாளர், ‘வி ஆர் டிஸப்பாயின்டட் வித் தி சேம்பிள்’ என்று எழுதினால் துணி மட்டுமே குறைகூறப்படுகிறது. ‘வி ஆர் டிஸப்பாயின்டட் இன் யூ’ என்று எழுதினால், அனுப்பியவருடைய நடத்தையே நம் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்றாகிறது. ‘உங்கள் விஷயத்தில் ஏமாற்றம்’ என்று நினைத்து ஏழாம் வேற்றுமையைப் பெயர்த்தவருக்கு, தாம் எழுதியது ஒரு துணியின் நிறத்தைப் பற்றியதா ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றியதா என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. பெற்றுக்கொண்டவருக்கோ அது நன்றாகத் தெரியும். அடுத்த சரக்கின் விலையைப் பேச உட்காரும்போது அதை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் பேசுவார்.